மெமரி கார்டை எப்போது ஃபார்மேட் செய்யலாம், எப்போது செய்யவே கூடாது? போட்டோக்கள் அழியாமல் காப்பது எப்படி?

கேமராவில் 'டெலிட்' கொடுத்தால் போட்டோ அழிந்துவிடும், 'ஃபார்மேட்' கொடுத்தால் கார்டு மொத்தமும் துடைத்த மாதிரி சுத்தமாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே நடப்பதில்லை. அதேபோல, கார்டு 'எரர்' காட்டியதும் எல்லா போட்டோவும் போச்சு என்று பதறுகிறோம். அதுவும் பல நேரங்களில் உண்மை இல்லை.

அப்படியென்றால் கார்டுக்குள் என்னதான் நடக்கிறது? ஃபார்மேட்டை எங்கே, எப்போது செய்ய வேண்டும்? கார்டு மக்கர் செய்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன? முழு விவரம் இதோ.

கார்டுக்குள் இருப்பது என்ன?

கேமராவில் பயன்படும் எஸ்.டி. கார்டை இரண்டு பகுதிகளாக நினைத்துக்கொள்ளலாம். ஒன்று, போட்டோக்கள் பதிவாகும் இடம். இது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு போட்டோ ஒரே கட்டத்தில் அடங்காது. அது பல கட்டங்களில் பரவி உட்காரும்.

இன்னொன்று, எந்த போட்டோ எந்தெந்த கட்டங்களில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் பட்டியல். புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. கேமராவோ கம்ப்யூட்டரோ கார்டைத் திறந்ததும் முதலில் படிப்பது இந்தப் பட்டியலைத்தான்.

நீங்கள் ஒரு போட்டோவை டெலிட் செய்யும்போது, அந்த போட்டோ இருக்கும் கட்டங்களை கேமரா தொடுவதே இல்லை. பட்டியலில் மட்டும் 'இந்த இடம் காலி' என்று குறித்துவிடும். அடுத்த போட்டோ அதே இடத்தில் பதிவாகும் வரை பழைய போட்டோ அங்கேயேதான் இருக்கும்.

சாதாரண ஃபார்மேட்டும் இப்படித்தான். பழைய பட்டியலை எடுத்துவிட்டு, புதிதாக ஒரு வெற்றுப் பட்டியலை எழுதும். அதனால்தான் 64 ஜிபி கார்டு சில நொடிகளில் ஃபார்மேட் ஆகிவிடுகிறது. உண்மையிலேயே எல்லா கட்டத்தையும் அழித்து எழுதுவதாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் முடியாது.

ஆனால் இதை நம்பி அலட்சியமாக இருக்க முடியாது. சில கேமராக்கள் ஃபார்மேட் செய்யும்போதே உள்ளே இருக்கும் தரவையும் சேர்த்து அழிக்கும்படி கார்டுக்குக் கட்டளை கொடுத்துவிடும். கேனான் கேமராக்களின் ஃபார்மேட் திரையில் Low level format என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். அதை டிக் செய்து ஃபார்மேட் கொடுத்தால் பட்டியல் மட்டுமல்ல, தரவும் போய்விடும். பிறகு மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

'கரப்ட்' ஆவது பெரும்பாலும் பட்டியல்தான்

'கார்டு கரப்ட் ஆகிடுச்சு' என்று சொல்கிறோமே, அதில் பல நேரங்களில் கெட்டுப்போயிருப்பது போட்டோக்கள் அல்ல, அந்தப் பட்டியல்தான்.

கேமரா ஒரு போட்டோவை எடுத்ததும் முதலில் அதைத் தன் உள் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து கார்டுக்கு எழுதி, பட்டியலையும் திருத்தும். இது நடக்கும்போதுதான் கேமராவில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு மின்னும். தொடர்ச்சியாக இருபது, முப்பது படங்களை 'கடகட'வென எடுத்தால், கையை எடுத்த பிறகும் விளக்கு சில நொடிகள் மின்னிக்கொண்டே இருக்கும். எழுதும் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் கார்டு மூடியைத் திறந்தாலோ, பேட்டரியைக் கழற்றினாலோ பட்டியல் பாதியில் நின்றுவிடும். கம்ப்யூட்டரில் காப்பி ஓடும்போது கார்டு ரீடரை இழுப்பதும் ஆபத்துதான். ஒரே ஒரு போட்டோவை எழுதும்போது தடை ஏற்பட்டால்கூட, பாதிக்கப்படுவது பட்டியல் என்பதால் மொத்த கார்டும் படிக்க முடியாமல் போகலாம்.

வீடியோவுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பல கேமராக்களில் வீடியோ பைலை இயக்கத் தேவையான விவரங்கள், நீங்கள் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் கடைசியாக எழுதப்படும். மாப்பிள்ளை அழைப்பை முக்கால் மணி நேரம் பிடித்துவிட்டு, நடுவில் பவர் போய்விட்டால், பைல் பெரிதாக இருக்கும், ஆனால் ஓடாது. அதனால் நீளமான நிகழ்ச்சிகளை ஒரே வீடியோவாக இழுக்காமல், அவ்வப்போது நிறுத்தி மறுபடி தொடங்குவது நல்லது. பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் கேமராவை ஆஃப் செய்து, விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஷூட்டிங் நடுவே டெலிட் செய்வது ஏன் நல்லதல்ல?

'இது ஷேக் ஆகிடுச்சு, இதுல கண்ணு மூடிட்டாங்க' என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டெலிட் செய்துகொண்டே போவது பலரின் பழக்கம். இதனால் கார்டு உடனே கெட்டுவிடாது. ஆனால் நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தால், மீட்பதை இது மிகவும் கடினமாக்கிவிடும்.

புதிதாக ஃபார்மேட் செய்த கார்டில் போட்டோக்கள் வரிசையாகப் போய் உட்காரும். முதல் போட்டோ முடிந்த இடத்தில் இரண்டாவது போட்டோ தொடங்கும். நடுவே 15 போட்டோக்களை அங்கங்கே டெலிட் செய்தால், 15 இடங்களில் ஓட்டை விழும். அடுத்து எடுக்கும் போட்டோ அந்த ஓட்டையில் முழுசாகப் பொருந்தாவிட்டால், பாதி இங்கேயும் மீதி வேறு எங்கேயோவும் போய்ச் சேரும்.

பட்டியல் நன்றாக இருக்கும்வரை பிரச்னை இல்லை. இரண்டு துண்டும் எங்கே இருக்கிறது என்று அது சொல்லிவிடும். பட்டியல் போய்விட்டால்? மீட்பு மென்பொருள் ஒரு போட்டோவின் தொடக்கத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். வரிசையாக இருக்கும் போட்டோ முழுசாகக் கிடைக்கும். துண்டாகிப்போன போட்டோ மேல்பாதி தெளிவாகவும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ வண்ணக் கோடுகளாகவோ வரும்.

ஆகவே, சரியில்லாத படங்களை அப்படியே விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் காப்பி செய்த பிறகு அங்கே கழித்துக்கொள்ளலாம். இடம் போதாது என்ற பயம் இருந்தால் இன்னொரு கார்டை வைத்திருங்கள்.

ஃபார்மேட்டை ஏன் கேமராவிலேயே செய்ய வேண்டும்?

கார்டின் அளவைப் பொறுத்து பட்டியலின் வகையும் மாறும். எஸ்.டி. கார்டு விதிகளின்படி, 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை உள்ள கார்டுகளுக்கு FAT32. அதற்கு மேல் 2 டிபி வரை உள்ளவற்றுக்கு exFAT. கேமராவில் ஃபார்மேட் கொடுத்தால், இதில் எது வேண்டும் என்பதை கேமராவே பார்த்துக்கொள்ளும். போட்டோக்களுக்கான DCIM என்ற போல்டரையும் அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்யும்போது தவறுதலாக NTFS என்ற வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கேமராக்கள் பொதுவாக அந்தக் கார்டை ஏற்காது. கம்ப்யூட்டரில்தான் செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், எஸ்.டி. அசோசியேஷன் இலவசமாகத் தரும் SD Memory Card Formatter என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதில் Quick format என்பது பட்டியலை மட்டும் மாற்றும். Overwrite format என்பது எல்லா இடத்தையும் அழித்து எழுதும், நேரமும் நிறைய எடுக்கும். எது செய்தாலும், கடைசியில் கேமராவில் போட்டு ஒருமுறை ஃபார்மேட் செய்துவிட்டு படம் எடுக்கத் தொடங்குங்கள்.

கேமராவில் இது எங்கே இருக்கும்? கேனானில் செட்டப் மெனுவில் Format card என்றும், நிக்கானில் செட்டப் மெனுவில் Format memory card என்றும், சோனியில் Format என்றும் இருக்கும்.

மொபைல் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஆண்ட்ராய்டு போன்களில் கார்டைப் போட்டதும், அதை போனின் உள் சேமிப்பகமாக மாற்றவா என்று கேட்கும். 'சரி' கொடுத்தால் கார்டில் இருப்பது அழிவதோடு, அந்த போன் மட்டுமே படிக்கக்கூடிய ரகசியக் குறியீட்டு முறைக்கு கார்டு மாறிவிடும். பிறகு கேமராவில் போட்டால் மறுபடி ஃபார்மேட் செய்யாமல் வேலை செய்யாது. 'சும்மா போட்டோ பார்க்கலாம்' என்று கேமரா கார்டை போனில் போடும்போது இந்தக் கேள்வி வந்தால், வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். கேமராவில் சாவி அடையாளத்துடன் 'ப்ரொடெக்ட்' செய்து வைத்த போட்டோக்கள் டெலிட் ஆகாது. ஆனால் ஃபார்மேட்டிலிருந்து அவை தப்பிக்காது. 'பூட்டி வைத்திருக்கிறேனே' என்ற நம்பிக்கையில் ஃபார்மேட் கொடுத்தால் அவையும் சேர்ந்தே போகும்.

ஃபார்மேட் செய்வதற்கு முன் சரிபார்ப்பது எப்படி?

கார்டிலிருந்து போட்டோக்களை எடுக்கும்போது 'கட்' கொடுக்காதீர்கள், 'காப்பி' கொடுங்கள். 'கட்' செய்யும்போது நடுவில் மின்சாரம் போனாலோ ரீடர் அசைந்தாலோ, எது வந்தது எது வரவில்லை என்பதே குழப்பமாகிவிடும். காப்பியில் ஏதாவது தப்பினால்கூட கார்டில் மூலப் படம் அப்படியே இருக்கும்.

காப்பி முடிந்ததும் கார்டில் உள்ள DCIM போல்டரையும், கம்ப்யூட்டரில் உள்ள போல்டரையும் ரைட் கிளிக் செய்து Properties பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும், மொத்த அளவும் பைட் வரை ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்ததாக சில படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். போல்டரில் குட்டிக் குட்டியாகத் தெரியும் படங்களை வைத்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. கேமரா ஒவ்வொரு போட்டோ பைலின் தொடக்கத்திலும் ஒரு குட்டிப் படத்தைத் தனியாகச் சேர்த்து வைக்கும். பல நேரங்களில் போல்டரில் தெரிவது அதுதான். உண்மையான பெரிய படம் பாதியில் கெட்டுப்போயிருந்தாலும் குட்டிப் படம் பளிச்சென்று தெரியும். அதனால் முதல் படம், கடைசிப் படம், நடுவில் ஒரு பத்துப் பதினைந்து படம் என முழுத் திரையில் திறந்து, கீழ் விளிம்பு வரை பார்த்துவிடுங்கள்.

பிறகு அதே போல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் காப்பி செய்யுங்கள். இரண்டு தனித்தனி கருவிகளில் படங்கள் வந்த பிறகுதான் கார்டு ஃபார்மேட்டுக்குத் தயார். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு போல்டரில் வைப்பது இரண்டு காப்பி ஆகாது. அந்த டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

கேமராவே 'ஃபார்மேட் செய்' என்று கேட்டால்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு திருமணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாலை ரிசப்ஷனில் 64 ஜிபி கார்டில் 900 படங்கள் எடுக்கப்பட்டுள்ளன. இரவு உதவியாளர் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவசரத்தில் ரீடரை இழுத்துவிடுகிறார். விடியற்காலை முகூர்த்தத்துக்கு கேமராவை ஆன் செய்தால், கார்டை அணுக முடியவில்லை, வேறு கார்டு போடவும் அல்லது கேமராவில் ஃபார்மேட் செய்யவும் என்று திரையில் வருகிறது.

சிக்கலே இங்குதான். கேமராவுக்கு உள்ளே 900 படங்கள் இருப்பது தெரியாது. படிக்க முடியாத பட்டியலைப் பார்த்துவிட்டு, புதுப் பட்டியல் எழுதட்டுமா என்று கேட்கிறது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் போட்டாலும், பயன்படுத்துவதற்கு முன் இதை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸும் கேட்கும். இரண்டு இடத்திலும் பதில் ஒன்றுதான்: Cancel.

முதல் வேலை, கார்டை வெளியே எடுத்து அதன் இடது பக்கத்தில் உள்ள சின்ன 'லாக்' பொத்தானை கீழே தள்ளிவிடுவது. இப்படிச் செய்தால் கேமராவோ ரீடரோ அதில் எதையும் எழுதாது. ஆனால் இது வெறும் பிளாஸ்டிக் அடையாளம்தான். அதைப் பார்த்து எழுதாமல் இருக்க வேண்டியது ரீடரின் பொறுப்பு. மலிவான சில ரீடர்கள் அதைக் கண்டுகொள்ளாமலும் போகலாம். எனவே லாக் செய்த பிறகும் கவனம் தேவை. கார்டைத் தனியே ஓர் உறையில் வைத்து, மேலே குறித்து வையுங்கள். முகூர்த்தத்தை வேறு கார்டில் எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் வேறு ஒரு ரீடரில், முடிந்தால் வேறு ஒரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பாருங்கள். கார்டில் கோளாறே இல்லாமல், ரீடரோ மைக்ரோ எஸ்.டி. அடாப்டரோ சரியாகத் தொடர்பு கொடுக்காததால்கூட இப்படி வரும். இன்னொரு காரணமும் உண்டு. 32 ஜிபி வரை மட்டுமே ஏற்கும் பழைய கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டாலும், அதன் exFAT பட்டியலைப் படிக்கத் தெரியாமல் ஃபார்மேட் கேட்கலாம். இரண்டிலுமே படங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை.

எதிலும் திறக்கவில்லை என்றால் மீட்பு மென்பொருளுக்குப் போகலாம். PhotoRec என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. அது பட்டியலைப் பார்ப்பதே இல்லை. கட்டம் கட்டமாகப் போய், போட்டோ பைல்கள் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடும். அதைத் திறந்ததும் கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்க்குகளின் பட்டியல் வரும். அளவைப் பார்த்து கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 64 ஜிபி கார்டு அங்கே சுமார் 59 அல்லது 60 என்று காட்டும், பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் கணக்கிடும் முறை வேறு, அதுதான் காரணம். தேடும் இடம் எது என்று கேட்கும்போது, பட்டியலே கெட்டிருப்பதால் Whole என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

மீட்ட படங்களை எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்கும். இங்கேதான் மிகவும் கவனம் தேவை. அதே கார்டைக் காட்டிவிடக் கூடாது. மீட்கும் முதல் படம், இன்னும் மீட்காத வேறொரு படத்தின் மேல் போய் எழுதிவிடும். கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் போதிய இடமுள்ள ஒரு போல்டரைக் கொடுங்கள்.

முடிந்ததும் recup_dir.1 என்ற மாதிரியான போல்டர்களில் படங்கள் இருக்கும். பழைய IMG_0001 போன்ற பெயர்கள் இருக்காது. காரணம், பெயர் எழுதியிருந்தது பட்டியலில். ஆனால் படம் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகி இருப்பதால், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். 900 படத்துக்கு அதைவிட அதிகமாக பைல்கள் வந்தால் குழம்ப வேண்டாம். t என்ற எழுத்தில் தொடங்குபவை முன்பு சொன்ன குட்டிப் படங்கள். போன மாதம் எடுத்த பழைய படங்களும் சில எட்டிப் பார்க்கும், அவை ஃபார்மேட்டுக்குப் பிறகும் உள்ளே தங்கியிருந்தவை. தேதியைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

இந்தச் சூழலில் பலர் செய்யும் ஒரு தவறு, விண்டோஸ் கேட்கும் 'சரிசெய்யவா' என்ற கேள்விக்கு முதலிலேயே ஆம் சொல்வது, அல்லது chkdsk கட்டளையை ஓட்டுவது. அது பட்டியலைத் தனக்குப் புரிந்த விதத்தில் திருத்தி எழுதும். படங்கள் பெயர் மாறி, .CHK என்று முடியும் பைல்களாகக் கிடக்கும். படங்களை மீட்ட பிறகு வேண்டுமானால் அதைச் செய்து பார்க்கலாம், அதற்கு முன்னால் கூடாது.

தெரியாமல் ஃபார்மேட்டே கொடுத்துவிட்டாலும் இதே வழிதான். அந்த நொடியிலேயே படம் எடுப்பதை நிறுத்துங்கள். ஃபார்மேட்டுக்குப் பிறகு ஒரு படமும் எடுக்காமல் இருந்தால் வாய்ப்பு அதிகம். 200 படம் எடுத்துவிட்டால், அந்த அளவு இடத்தில் இருந்த பழைய படங்கள் திரும்பாது.

எந்த ரீடரில் போட்டாலும் கம்ப்யூட்டர் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை, அளவும் காட்டவில்லை, அல்லது கார்டு தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது என்றால், அது பட்டியல் பிரச்னை அல்ல. கார்டின் மின்சுற்றே கெட்டிருக்கிறது. மென்பொருளால் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல், தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொண்டுபோவதுதான் வழி.

போலி கார்டு: பாதிக்கு மேல் படங்கள் இல்லாமல் போவது ஏன்?

மேலே சொன்ன எதையும் செய்யாமலேயே படங்கள் தொலைகிறதா? கார்டே போலியாக இருக்கலாம். உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்கும் கார்டை, கேட்பவர்களிடம் '128 ஜிபி' என்று பொய் சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். கேமராவும் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். முதலில் எடுத்த சில நூறு படங்கள் நன்றாக இருக்கும். அதன் பிறகு எடுத்தவை திறக்காது, அல்லது புதுப் படங்கள் பழையவற்றின் மேல் போய் எழுதிவிடும். பெயர் மட்டும் இருந்து படம் இல்லாத பைல்களை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஏனெனில் அவை எழுதப்படவே இல்லை.

கார்டு வாங்கிய அன்றே இதைக் கண்டுபிடித்துவிடலாம். விண்டோஸில் H2testw என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. காலி கார்டைச் செருகி ஓட்டினால், கார்டு முழுவதும் சோதனைத் தரவை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். கடைசியில் Test finished without errors என்று வந்தால் கார்டு உண்மையானது. மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு F3 என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும். பெரிய கார்டுக்கு நிறைய நேரம் பிடிக்கும். பொறுமையாக ஓடவிட்டு, பிறகு கேமராவில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

கார்டை எப்போது ஒதுக்க வேண்டும்?

கார்டில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஆயுள் உண்டு. எழுதி அழிக்க எழுதி அழிக்க அது தேயும். ஒரே இடம் தேயாமல் இருக்க, உள்ளே இருக்கும் சின்ன கட்டுப்பாட்டு சிப் வேலையைப் பரவலாகப் பிரித்துக் கொடுக்கும். அதனால் மாதத்துக்கு நான்கு முறை ஃபார்மேட் செய்தால் கார்டு கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் சில அறிகுறிகளை விட்டுவிடக் கூடாது. வழக்கத்தைவிட விளக்கு நீண்ட நேரம் மின்னுவது, எப்போதாவது ஒரு படம் பாதி சாம்பலாக வருவது, கார்டை இரண்டு மூன்று முறை செருகினால்தான் கேமரா ஏற்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் படங்களை காப்பி எடுத்துவிட்டு, H2testw சோதனையை ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் கார்டை முக்கிய வேலைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஃபார்மேட் செய்தால் பட்டியல்தான் புதிதாகும், தேய்ந்துபோன நினைவகம் புதிதாகாது.

அதேபோல, படங்கள் நிரம்பிய கார்டை வருஷக்கணக்கில் பீரோவில் வைத்திருப்பதும் பாதுகாப்பல்ல. ஃபிளாஷ் நினைவகம் தரவை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. அது காலப்போக்கில் மெல்ல மெல்லக் குறையும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு போன்ற சூடான இடத்தில் இன்னும் வேகமாகக் குறையும்.

கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால், ஒன்று நிரம்பியதும் அடுத்தது என்று வைக்காமல், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி மெனுவில் மாற்றிவையுங்கள். ஒரு கார்டு மட்டுமே போட முடிகிற கேமராவாக இருந்தால், நிகழ்ச்சியை இரண்டு மூன்று சின்ன கார்டுகளில் பிரித்து எடுக்கலாம். எடுத்து முடித்த கார்டுகளை லாக் செய்து, காலி கார்டுகளிலிருந்து தனியாக வேறு பையில் வையுங்கள். ஃபார்மேட் கொடுக்க வேண்டிய கார்டு எது என்ற குழப்பமே வராது.